‘ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துரும்’: ஒரு சோபா விற்பனையில் 34,000 ரூபாய் போன விதம்

2021 பிப்ரவரி, டெல்லி. பழைய சோபா ஒன்றை விற்பதற்காக, பழைய பொருட்களை விற்கவும் வாங்கவும் உதவும் இணையதளம் ஒன்றில் ஒருவர் விளம்பரம் போட்டார். வாங்கிக்கொள்வதாக ஓர் ஆள் தொடர்புகொண்டார். கணக்கு சரியானதுதானா என்று பார்ப்பதாகச் சொல்லி முதலில் ஒரு சிறு தொகை அனுப்பினார், அது வந்தும் சேர்ந்தது. அடுத்து ஒரு கியூஆர் கோடு அனுப்பி, இதை ஸ்கேன் செய்தால் மீதிப் பணம் வந்துவிடும் என்றார். ஸ்கேன் செய்ததும் 20,000 ரூபாய் கணக்கிலிருந்து போனது. கேட்டதற்கு, ‘தப்பான கோடு அனுப்பிவிட்டேன்’ என்று சொல்லி இன்னொன்றை அனுப்பினார். அதையும் ஸ்கேன் செய்ததில் மேலும் 14,000 போனது. போலீசில் புகார் பதிவாகி, சில நாட்களில் மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள்.

விற்றவர் நன்கு படித்தவர். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கை யாரும் உடைக்கவில்லை, கடவுச்சொல் எதுவும் திருடு போகவில்லை. யூபிஐ தனக்கு விதிக்கப்பட்ட வேலையைத்தான் பிசகில்லாமல் செய்தது. அப்படியிருந்தும் பணம் எதிர்த்திசையில் ஓடியது. எப்படி என்று புரிய, அந்தக் கோட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோட்டுக்குள் இருக்கும் ஒரு வரி

கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகத் தெரியும் கியூஆர் கோட்டில் பணமும் கிடையாது, வங்கி அனுமதியும் கிடையாது. அது ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். கேமரா அந்த வரியைப் படித்து யூபிஐ செயலியிடம் கொடுக்கிறது. இந்த வகை மோசடியில் வரும் கோட்டைப் பிரித்துப் பார்த்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும் (முகவரி கற்பனையானது):

```
upi://pay?pa=abcd1234@bank&pn=Cash%20Receive&am=20000.00&cu=INR&tn=Sofa%20amount%20credit
```

இதில் முதலில் பார்க்க வேண்டியது `upi://` என்பதை ஒட்டி வரும் சொல். அது `pay`. ‘இந்த ஆளுக்குப் பணம் கொடு’ என்று செயலிக்கு இடப்படும் கட்டளை. `pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய யூபிஐ முகவரி. `pn` அந்த முகவரிக்காரரின் பெயர், `am` தொகை, `cu` நாணயம், `tn` குறிப்பு. இந்த வரியில் எங்கு தேடினாலும் ‘வாங்கு’ என்ற கட்டளை இருக்காது. காரணம், யூபிஐ கோட்டில் அப்படி ஒரு கட்டளையே வகுக்கப்படவில்லை. ஸ்கேன் செய்கிறவர் எப்போதும் கொடுக்கிறவர், கோட்டில் இருக்கும் முகவரி எப்போதும் வாங்குகிறவருடையது. டீக்கடை கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கோடும் இதே வரிதான், அதில் பெரும்பாலும் தொகை இருக்காது.

தொகை இருப்பதும் இல்லாததும்தான் இங்கே பெரிய வேறுபாடு. கடையில் ஸ்கேன் செய்தால் தொகைக்கான இடம் காலியாக வரும். 40 என்று நாமே தட்டுகிறோம். பணம் கொடுக்கிறோம் என்ற உணர்வு அந்தத் தட்டலில்தான் இருக்கிறது. மோசடிக் கோட்டிலோ `am` என்ற இடத்தில் 20000 என்று முன்பே எழுதியாயிற்று. ஸ்கேன் செய்த உடனே தொகை தானாகத் திரையில் நிற்கும். பல செயலிகளில் அதை மாற்றவும் முடியாது. பேசி முடித்த அதே விலை, நாம் எதையும் தட்டாமலேயே எதிரே வந்து நிற்கும்போது, அது நமக்கு வரவிருக்கும் பணமாகவே கண்ணில் படுகிறது. இந்த ஏமாற்றின் கண்ணி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

`pn`, `tn` இரண்டும் கோட்டை உருவாக்கியவர் இஷ்டத்துக்கு எழுதுபவை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘Cash Receive’ என்று எழுதலாம், குறிப்பில் ‘credit’ என்று போடலாம். இணையத்தில் கிடைக்கும் எந்த இலவச கியூஆர் உருவாக்கியும் இதை அப்படியே கோடாக்கிக் கொடுக்கும். அதற்கு மேல் ஒரு படத்தில் அந்தக் கோட்டை ஒட்டி, ‘பெறும் தொகை ₹20,000’ என்று பெரிதாக எழுதி, ஒரு முத்திரையும் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். படத்தில் எழுதியிருப்பதைச் செயலி படிப்பதில்லை. அது படிப்பது கட்டங்களுக்குள் இருக்கும் வரியை மட்டும்தான்.

பின் நம்பர் போடும் நொடி

வெறுமனே ஸ்கேன் செய்வதால் பணம் போய்விடாது. ஸ்கேன் செய்தபின் செயலி அந்த முகவரி உண்மையா என்று வலையமைப்பில் கேட்டுப் பெயரை வாங்கிக் காட்டும். நாம் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும். அதன்பின் பின் நம்பர் கேட்கும் பக்கம் திறக்கும். அந்தப் பக்கம் நாம் பயன்படுத்தும் செயலியின் சொந்தப் பக்கம் அல்ல. யூபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாகக் கொடுத்திருக்கும் பக்கம். அங்கே தட்டும் எண் போனிலேயே மறையாக்கம் செய்யப்பட்டு, என்பிசிஐ வழியாக நம் வங்கிக்குப் போகிறது. எண் சரி என்று வங்கி பார்த்ததும் நம் கணக்கில் பற்று வைக்கிறது. அதன்பின்தான் எதிர்த்தரப்பு வங்கிக்கு வரவு வைக்கச் சொல்லி உத்தரவு போகிறது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது இதே பாதையைப் பணம் வாங்குகிறவர் பக்கமிருந்து பாருங்கள். அவருடைய முகவரிக்கு எந்தக் கணக்கு என்ற கேள்வி மட்டும் அவருடைய செயலி நிறுவனத்தின் கணினிக்கு வரும், அது தானாகப் பதில் சொல்லிவிடும். பிறகு அவர் வங்கி வரவு வைக்கும். அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவர் போன் அணைந்து கிடந்தாலும் பணம் ஏறும். பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒருவர் போனில் செய்ய வேண்டிய செயல் என்று யூபிஐ அமைப்பில் ஒன்றுமே இல்லை. ஸ்கேனும் இல்லை, பொத்தானும் இல்லை, பின் நம்பரும் இல்லை. எனவே ‘வாங்குவதற்கு இதைச் செய்யுங்கள்’ என்று எதைச் சொன்னாலும் அது கொடுப்பதற்கான படிதான்.

‘பின் நம்பர் பணம் அனுப்ப மட்டும்தான்’ என்று சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சிறு பிசகு இருக்கிறது. கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்க்கவும் அதே எண்ணைத்தான் போடுகிறோம். பேசுகிற ஆள் அதைப் பயன்படுத்திக்கொள்வார். ‘பேலன்ஸ் பார்க்கிறப்போ பின் போடறீங்கள்ல மேடம், அந்த மாதிரி இது வெரிஃபிகேஷனுக்குத்தான்’ என்பார். கேட்பவருக்குச் சரியாகத்தான் படும். சில சமயம், முதலில் இருப்பைப் பார்த்துச் சொல்லச் சொல்வார். அது பின் நம்பரைச் சாதாரண விஷயமாக்கவும் உதவுகிறது, அடுத்த கோட்டில் எவ்வளவு எழுதலாம் என்ற கணக்கும் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின் நம்பர் கேட்கவில்லை என்றால் பாதுகாப்பு என்று இனி நினைக்க முடியாது. 2025 அக்டோபரிலிருந்து 5,000 ரூபாய் வரையிலான யூபிஐ பரிவர்த்தனைக்குப் பின் நம்பருக்குப் பதிலாகக் கைரேகையோ முகமோ காட்டி ஒப்புதல் தரும் வசதி வந்திருக்கிறது. யூபிஐ லைட் வைத்திருப்பவர்களுக்கு 1,000 ரூபாய் வரை எதுவும் போடாமல், பொத்தானை அழுத்தினாலே பணம் போகும். சிறு தொகைக் கோடு என்றால் விரல் பட்டதோடு காரியம் முடிந்துவிடும்.

முதலில் வந்த சிறு தொகை

டெல்லி வழக்கில் ஆரம்பத்திலேயே உண்மையான பணம் வந்தது. இது பேச்சை நம்பவைக்கப் போடும் தூண்டில் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். இதே வகைப் புகார்களில் இந்தக் கட்டம் இன்னும் நுணுக்கமாக நடப்பதைக் காணலாம். வாங்க வருகிறவர் தன்னை ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ வேலை செய்பவர் என்று சொல்லி, சீருடைப் படமும் அடையாள அட்டைப் படமும் அனுப்புவது பழகிப்போன வேடம். நேரில் வர முடியாததற்கும் வேறு ஆள் வந்து பொருளை எடுத்துக்கொள்வான் என்பதற்கும், பணம் கொடுக்கும் முறை வேறாக இருப்பதற்கும் ஒரே வேடம் காரணமாகிவிடுகிறது. விலையைக் குறைத்துக் கேட்கமாட்டார். விற்பவருக்கு முதல் எச்சரிக்கை அதுவேதான். பழைய சாமானைப் பார்க்காமல், பேரம் பேசாமல் வாங்குகிற ஆள் ஊரில் இல்லை.

அடுத்து வருவது பயிற்சி. 5 ரூபாய்க்கு ஒரு கோடு அனுப்பி, ‘இதை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க, உங்களுக்கு 10 ரூபாய் வரும்’ என்பார். பின் போட்டதும் 5 ரூபாய் கணக்கிலிருந்து போகும். மறுமுனையில் அது ஏறியதைப் பார்த்த அடுத்த நொடி அவர் தன் போனிலிருந்து 10 ரூபாயைத் தனியாக அனுப்புவார். நடந்தவை இரண்டு பரிவர்த்தனைகள். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே கிடையாது, இரண்டுக்கும் வெவ்வேறு 12 இலக்க எண்கள் இருக்கும். ஆனால் விற்பவரின் கண்ணுக்கு, பின் போட்டோம், பணம் வந்தது என்று ஒரே செயலாகத் தெரிகிறது. 5 ரூபாய் போன குறுஞ்செய்தியைவிட 10 ரூபாய் வந்த குறுஞ்செய்தி மேலே நிற்கும். இதன்பின் ‘பின் போட்டால் பணம் போகும்’ என்று யாராவது எச்சரித்தாலும், இப்போதுதானே வந்தது என்ற அனுபவம் குறுக்கே நிற்கும். சொல்லி நம்பவைப்பதைவிடச் செய்துகாட்டி நம்பவைப்பது பலமடங்கு வலுவானது.

வேறு போன் இருக்கிறதா என்று அவர் கேட்பதற்கும் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த கோட்டை அதே போனின் கேமராவால் ஸ்கேன் செய்ய முடியாது. படத்தைக் கேலரியிலிருந்து செயலிக்குள் திறக்கலாம், ஆனால் அப்படித் திறக்கும் கோட்டில் பல செயலிகள் 2,000 ரூபாய்க்கு மேல் அனுமதிப்பதில்லை. இந்த மோசடியை மனத்தில் வைத்துப் பார்த்தால் மிகப் பயனுள்ள கட்டுப்பாடு அது. அதைத் தாண்டத்தான், படத்தை வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பச் சொல்லி, அந்தத் திரையை நேரடியாகக் கேமராவில் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். விற்பவர் வீட்டுக்குள்ளிருந்து அம்மாவையோ பிள்ளையையோ போனோடு கூப்பிடுகிறார் என்றால், அந்தக் கட்டுப்பாடு உடைகிற நேரம் அது.

இரண்டாவது 14,000

முதல் 20,000 போனது அறியாமல் நடந்தது. இரண்டாவது முறை, பணம் போவதைப் பார்த்தபின்னும் எப்படி ஸ்கேன் செய்தார் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேட்பது எளிது. உள்ளே இருப்பவரின் நிலை வேறு. 20,000 ரூபாய் போன அதிர்ச்சியில் இருப்பவருக்கு அதைத் திரும்பத் தரக்கூடிய ஒரே ஆளாகத் தெரிபவர், போனின் மறுமுனையில் இருக்கும் அவர்தான். அவர் போனை வைக்கவில்லை, மிரட்டவில்லை. தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறார். ‘போன பணம் திரும்ப வர இந்தக் கோடு’ என்கிறார். முதல் கோடு பொருளின் விலையை வாங்குவதற்கு என்றால் இரண்டாவது இழந்ததை மீட்பதற்கு. மீட்க நினைப்பவரின் கை இன்னும் வேகமாக அசையும்.

இரண்டாவது தொகை ஏன் முழு 20,000 இல்லை என்று பலர் யோசிப்பார்கள். இந்த வகைப் புகார்களில் தொகைகள் ஒழுங்கில்லாமல் இறங்கியும் ஏறியும் வருவது வழக்கம். இருப்பு குறைவு என்று ஒரு கோடு நிராகரிக்கப்பட்டால் அடுத்த கோடு குறைந்த தொகைக்கு வரும். புதுக் கோடு உருவாக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, `am` என்ற இடத்தில் எண்ணை மாற்றினால் போதும். கணக்கு காலியாகும் வரையோ, எதிரே இருப்பவர் விழித்துக்கொள்ளும் வரையோ இது தொடரும். ஒவ்வொரு முறையும் விற்பவரே பின் நம்பர் போடுகிறார் என்பதால் வங்கியின் கண்காணிப்புக்கு அது வாடிக்கையாளர் தானே அனுப்பும் பணமாகத்தான் தெரிகிறது.

பின் நம்பரை உடனே மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. அதனால் பயனில்லை, ஏனென்றால் பின் நம்பர் யாருக்கும் தெரியாது. போட்டது கணக்குக்காரர்தான். புதுப் பின்னைக் கொண்டும் அவரே இன்னொரு கோட்டுக்கு ஒப்புதல் கொடுக்க முடியும். செய்ய வேண்டியது அழைப்பைத் துண்டிப்பது. திரையைப் பகிரும் செயலி எதையாவது நிறுவச் சொல்லியிருந்தால் இணைய இணைப்பை அணைத்துவிட்டு அதை நீக்க வேண்டும், அப்போது பின் நம்பரையும் மாற்றுவது அவசியம்.

புதிய விதிகளால் என்ன மாறியது

2025இல் என்பிசிஐ இரண்டு மாற்றங்கள் கொண்டுவந்தது. ஒன்று, பணம் அனுப்பும் முன் திரையில் காட்டப்படும் பெயர், எதிர்த்தரப்பு வங்கியில் பதிவாகியிருக்கும் பெயராகத்தான் இருக்க வேண்டும், கோட்டில் எழுதியிருக்கும் பெயரைக் காட்டக் கூடாது என்பது. 2025 ஜூன் இறுதிக்குள் செயலிகள் இதைச் செய்ய வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. இதனால் ‘Cash Receive’ போன்ற பொய்ப்பெயர் வேலை செய்யாது. திரையில் முன்பின் தெரியாத ஓர் ஆளின் பெயர் வரும். அதற்கும் பதில் தயாராக வைத்திருக்கிறார்கள்: ‘அது எங்க அக்கவுண்டன்ட் பேரு.’ பேசிய ஆளின் பெயரும் திரையில் நிற்கும் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துவது இந்த விதி தரும் முழுப் பயன்.

இரண்டாவது, தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபரிடம் யூபிஐ வழியாகப் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட்’ கோரிக்கை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. கோரிக்கை அனுப்பி, ‘பணம் வாங்க இதை ஏற்றுக்கொள்ளுங்க’ என்று சொல்லும் மோசடி இதனால் அடைபட்டது. இதோடு கியூஆர் மோசடியும் முடிந்துவிட்டது என்று பரவிய பேச்சு சரியல்ல. கலெக்ட் என்பது வாங்குபவர் தொடங்குவது. கியூஆர் ஸ்கேன் என்பது கொடுப்பவர் தொடங்குவது. யூபிஐயின் அடிப்படையே இந்த இரண்டாவது வகைதான், அதை நிறுத்தினால் கடைகளில் வியாபாரமே நடக்காது. டெல்லி வழக்கில் நடந்தது இந்த இரண்டாவது வகை. அந்த வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

சில கோடுகளுக்குள் `upi://` என்பதற்குப் பதில் `https://` என்று தொடங்கும் வரி இருக்கும். அது ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து அட்டை எண்ணையோ ஓடிபியையோ கேட்கும், அல்லது ஒரு செயலியை இறக்கச் சொல்லும். அது வேறு வகை மோசடி, அதன் வழிமுறையும் வேறு. பணம் தரப் போகிறவர் அனுப்பிய கோடு என்றால் எந்த வகையாக இருந்தாலும் தொட வேண்டியதில்லை. அவரிடம் கொடுக்க வேண்டியது உங்கள் யூபிஐ முகவரி, அல்லது உங்கள் செயலியில் இருக்கும் உங்கள் சொந்தக் கோடு. ஸ்கேன் செய்ய வேண்டியவர் அவர். பணம் வந்ததா என்பதை அவர் அனுப்பும் படத்தில் பார்க்காமல் உங்கள் கணக்கு இருப்பில் பார்க்க வேண்டும்.

போன பணம் எங்கே போகிறது, எப்படிப் பிடிப்பது

கோட்டில் இருக்கும் முகவரி பேசுகிற ஆளுடைய சொந்தக் கணக்காக இருக்காது. கமிஷனுக்காகத் தன் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டவரின் கணக்காக இருக்கும். போலீஸ் இதை மியூல் கணக்கு என்கிறது. பணம் அங்கே தங்காது. உடனே இன்னொரு கணக்குக்கு, அங்கிருந்து பிரிந்து வேறு சிலவற்றுக்கு என்று நகர்ந்து கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கப்படும். ராஜஸ்தானின் பரத்பூர், ஹரியானாவின் மேவாத், உத்தரப் பிரதேசத்தின் மதுரா பக்கத்துக் கும்பல்கள் இந்த வகை வழக்குகளில் அடிக்கடி பிடிபட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் கட்டிலையோ பைக்கையோ விற்பவருக்கு வரும் அழைப்பும் அரைகுறை ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசுவது இதனால்தான்.

பணம் இந்தக் கணக்குச் சங்கிலியில் எங்காவது நின்றுகொண்டிருக்கும்போது பிடித்தால்தான் உண்டு. அதற்கான எண் 1930. இந்த எண்ணில் சொன்னதும் புகார், வங்கிகளையும் போலீசையும் இணைக்கும் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அமைப்பில் ஏறுகிறது. முதலில் உங்கள் வங்கிக்கு அறிவிப்பு போகும். பணம் எந்த வங்கிக்குப் போனது என்று அது பதிய, அந்த வங்கி தன்னிடம் பணம் இருந்தால் அதை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கும். நகர்ந்துவிட்டிருந்தால் அடுத்த வங்கிக்கு அறிவிப்பு போகும். மோசடிக்காரர் பணத்தை ஒரு படி நகர்த்துவதற்குள் அறிவிப்பு அந்த வங்கியை எட்டிவிட வேண்டும். அதனால் வீட்டில் கலந்து பேசி, மறுநாள் வங்கிக் கிளைக்குப் போய்க் கேட்கலாம் என்று இருப்பது பணத்தை விட்டுவிடுவதற்குச் சமம்.

அழைக்கும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒவ்வொரு பற்றுக்குமான 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கியும் கணக்கு எண்ணும், பணம் போன யூபிஐ முகவரி, பேசிய ஆளின் போன் எண். பரிவர்த்தனை எண் செயலியின் வரலாற்றுப் பக்கத்தில் அந்தத் தொகையைத் தட்டினால் வரும். 20,000, 14,000 என்று இரண்டு முறை போயிருந்தால் இரண்டு எண்களையும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவை இரண்டு வேறு கணக்குகளுக்குப் போயிருக்கக்கூடும். அழைப்பு முடிந்ததும் ஒப்புகை எண் குறுஞ்செய்தியாக வரும். 24 மணி நேரத்துக்குள் `cybercrime.gov.in` தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் கோட்டுப் படத்தையும் கோபத்தில் அழித்துவிடக் கூடாது. அந்தப் படத்துக்குள் இருக்கும் `pa` முகவரிதான் போலீசுக்குக் கிடைக்கும் முதல் துப்பு.

வங்கியும் ஈடு கொடுக்குமா என்ற கேள்விக்கு நேரான பதில் சாதகமாக இல்லை. மின்னணுப் பரிவர்த்தனை மோசடிகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி சுற்றறிக்கையில் வகுத்தது. அவருக்குத் தெரியாமல் மூன்றாம் தரப்பு செய்த மோசடியாக இருந்து, 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அவருக்கு இழப்பில்லை. அவருடைய கவனக்குறைவால் நடந்ததாக இருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை ஆன இழப்பு முழுவதும் அவருடையது. தெரிவித்த பிறகு ஆகும் இழப்பு வங்கியுடையது. பின் நம்பரை அவரே போட்டதால் கியூஆர் வழக்குகளை வங்கிகள் இரண்டாவது வகையில்தான் வைக்கின்றன. ஏமாற்றிப் போடவைத்த பின் நம்பரையும் விருப்பப்பட்டுப் போட்ட பின் நம்பரையும் ஒன்றாகப் பார்ப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறோம். இருந்தாலும் நடைமுறை அதுதான். எனவே 1930ஐ அழைத்ததோடு நிற்காமல், வங்கியின் புகார் எண்ணிலும் உடனே சொல்லி, சொன்ன நேரம் பதிவான ஒப்புகையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிறுத்தி வைக்கப்பட்ட பணம் தானாகத் திரும்பாது. அது இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கில் இருப்பதால் அதை எடுத்துக் கொடுக்கப் பொதுவாக நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. 2026 ஜனவரியில், 50,000 ரூபாய்க்குக் குறைவான தொகையை அந்த உத்தரவு இல்லாமலும் திருப்பித் தர வழி செய்யப்பட்டது. உத்தரவு தேவைப்படும்போது, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 503ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் முன் மனு போட வேண்டும். 1930 ஒப்புகை எண், போலீஸ் புகார் ரசீது அல்லது முதல் தகவல் அறிக்கை, பற்றுகள் தெரியும் வங்கி அறிக்கை ஆகியவற்றை அதோடு இணைக்க வேண்டும். எந்த வங்கியில், எந்தக் கணக்கில், எவ்வளவு நிற்கிறது என்ற விவரத்தை விசாரணை அதிகாரியிடமிருந்து முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டால் மனு அலையாமல் நகரும். நின்றது 34,000இல் 9,000 மட்டும் என்றால் திரும்புவதும் அந்த 9,000 மட்டும்தான். மீதிக்கு வழக்கு நடக்கும்.